எண் வரிசையா, நிற வரிசையா? வீட்டில் பூத்தையல் நூலையும் மணியையும் அடுக்கும் முறைகள்

என் தையல் மேசையில் மூன்று சிறு பைகள் இருக்கின்றன. மூன்றிலும் 310 என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். முதல் பையில் இருப்பது டிஎம்சி நிறுவனத்தின் நூல்கண்டு, அது கறுப்பு. இரண்டாவதில் இருப்பது ஆங்கர் நிறுவனத்தின் நூல்கண்டு. அது வறுத்த நிலக்கடலைத் தோலைப் போன்ற பழுப்பு. மூன்றாவதில் இருப்பவை மியூகி நிறுவனத்தின் டெலிகா என்ற உருளை மணிகள். அவை பளபளப்பு இல்லாத மங்கல் கறுப்பு. எண் ஒன்றுதான், பொருளோ மூன்று. நூலையும் மணியையும் நிற எண்ணைக் கொண்டு அடுக்கலாமா, கண்ணுக்குத் தெரியும் நிறத்தைக் கொண்டு அடுக்கலாமா, செய்யப்போகும் வேலையைக் கொண்டு அடுக்கலாமா என்று முடிவுசெய்ய உட்காருகிற எவரும் முதலில் இந்த மூன்று பைகளைப் போன்ற ஒன்றைத்தான் சந்திப்பார்கள்.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். ஊரைச் சுற்றி முன்பு ரப்பர் மரங்களாக நின்ற நிலத்தில் இப்போது பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. தோட்டத்து வீடுகளிலிருந்து பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்கு மாறி வந்த குடும்பங்களில், ரவிக்கைக் கைக்குப் பூவேலை செய்துகொடுக்கும் பெண்கள் பலர் இருக்கிறோம். எங்கள் ஊரில் எண் அச்சிட்ட நூல் எல்லாக் காலத்திலும் கிடைப்பதில்லை. ஒரு கண்டு குறைந்தால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவுக்குப் போக வேண்டும், அல்லது இணையத்தில் சொல்லிவிட்டு அஞ்சலுக்குக் காத்திருக்க வேண்டும். வீட்டில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதைச் சரியாக அறிந்திருப்பது இப்படிப்பட்ட ஊரில் வேலையின் ஒரு பகுதியே ஆகிவிடுகிறது.

நிற வரிசைக்காக வாதாடும் தகுதி எங்கள் பக்கத்து வரிசையில் இருக்கும் அக்கா ஒருவருக்கு உண்டு. அவருடைய பெட்டியைத் திறந்தால் மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, நீலம், பச்சை என்று வானவில் இறங்கி வந்து படுத்திருப்பதைப் போல இருக்கும். “பூவுக்கு நிழல் கட்டுறப்ப நம்பரா தேடுவீங்க? கண்ணுதானே தேடுது” என்று அவர் ஒருமுறை என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஓர் இதழில் நான்கு சிவப்புகளை அடுத்தடுத்து இறக்க வேண்டியிருக்கும்போது, நான்கும் பெட்டியில் அடுத்தடுத்து இருப்பது பெரிய வசதி. நாற்பது நிறங்களுக்குள் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறையே போதும் என்று நான் தயங்காமல் சொல்வேன். அந்த அளவுக்குள் இருக்கும்போது கண் எதையும் தவறவிடுவதில்லை.

எண்ணிக்கை நூறைத் தாண்டியதும் நிற வரிசை தளரத் தொடங்குகிறது. ஒரு நிறத்துக்குப் பெட்டியில் ஒரே இடம் என்பது இந்த முறையில் கிடையாது. டிஎம்சி 943 என்பது பச்சையா நீலமா என்று கேட்டால், காலையில் ஒரு பதிலும் மாலையில் ஒரு பதிலும் வரும். 3685 என்ற கருஞ்சிவப்பை நான் சிவப்போடு வைப்பேன்; என் மகள் ஊதாவோடு வைப்பாள். எடுத்தவர் வைத்த இடத்தில் அடுத்தவர் தேடமாட்டார். தேடியது கிடைக்காதபோது ‘இல்லை’ என்று முடிவுசெய்து புதிதாக வாங்கிவிடுகிறோம். என் பெட்டியை முதன்முறையாகக் கணக்கெடுத்த நாளில், ஒரே மஞ்சளில் நான்கு கண்டுகள் நான்கு வெவ்வேறு மூலைகளிலிருந்து வெளிவந்தன.

எண் வரிசையின் சிறப்பு, ஓர் எண்ணுக்கு ஓர் இடம்தான் உண்டு என்பதே. 995 என்றால் அது 943க்கும் 996க்கும் நடுவே இருக்கும். அங்கே இல்லையென்றால் வீட்டில் இல்லை. ‘இல்லை’ என்பதை உறுதியாகச் சொல்லும் ஆற்றல் மற்ற இரண்டு முறைகளுக்கும் இல்லை, கடைக்குப் போகும்போது நமக்கு வேண்டியதோ அந்த உறுதிதான்.

ஆனால் டிஎம்சியின் எண்கள் நிறத்தின் வரிசையைப் பின்பற்றி இடப்பட்டவை அல்ல என்பதைத் தெரிந்துகொண்டே இந்த முறையில் இறங்க வேண்டும். 699 முதல் 704 வரை ஆறு பச்சைகள் கரும்பச்சையிலிருந்து இளம்பச்சைக்கு ஒழுங்காக ஏறிப் போகின்றன. 600 முதல் 605 வரை இளஞ்சிவப்புகளும் அப்படியே. இவற்றைப் பார்த்து எல்லாமே இப்படித்தான் என்று நம்பிவிடக் கூடாது. 309 ரோஜா நிறம், அதற்கு அடுத்த 310 கறுப்பு, அதற்கு அடுத்த 311 கடற்படை நீலம். 319, 320 இரண்டும் பச்சை. 321 நல்ல சிவப்பு. எண்கள் 996 வரை வந்து நின்று, அங்கிருந்து 3011க்குத் தாவுகின்றன. பழைய குடும்பத்தில் பின்னால் பிறந்த நிறங்கள் பல இந்த 3000க்கு மேற்பட்ட எண்களில் குடியிருக்கின்றன. 2017ஆம் ஆண்டு 35 புதிய நிறங்கள் வந்தபோது அவற்றுக்கு 01 முதல் 35 வரை எண் கொடுத்தார்கள். மொத்தம் 500 நிறங்கள் ஆயின. கடைசியில் வந்தவை பெட்டியின் முதல் அறைக்குப் போக வேண்டியதாயிற்று. எண்ணே இல்லாமல் பெயரால் வழங்கும் வெள்ளையும் பழுப்பு வெள்ளையும், B5200 என்ற தூய வெள்ளையும் இருக்கின்றன. இவை மூன்றையும் பெட்டியின் தொடக்கத்தில், 01க்கு முன்னால் வைப்பது என்று நான் ஒருமுறை முடிவுசெய்து, அதை மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்.

எண் வரிசையின் இன்னொரு தொல்லை நடைமுறையில்தான் தெரியும். கடைகளில் கிடைக்கும் அறை பிரித்த பிளாஸ்டிக் பெட்டியில் ஓர் அறைக்கு ஓர் எண் என்று நிரப்பிவிட்டால், நடுவில் புதிய எண் ஒன்று வரும்போது அதற்குப் பின்னால் உள்ள அனைத்தையும் ஓர் அறை தள்ள வேண்டும். இதை இரண்டு முறை செய்தவர் மூன்றாம் முறை புதிய கண்டை எங்காவது ஓர் ஓரத்தில் திணித்துவிடுவார். அங்கேயே முறை குலைந்துவிடும். ஆகவே ஓர் அறைக்கு ஓர் எண் என்று வைக்காமல், ஓர் அறைக்கு எண்களின் ஒரு தொகுதி என்று வைப்பதே மேல். என்னிடம் 142 நிறங்கள் உள்ளன. 01 முதல் 399 வரை ஒரு தட்டு, 400 முதல் 699 வரை ஒன்று, 700 முதல் 996 வரை ஒன்று, 3011 முதல் மேலே எல்லாம் ஒன்று என நான்கு தட்டுகள். தட்டுக்குள் சிறு ஸிப் பைகள் நூலகத்து அட்டைகளைப் போல நின்ற நிலையில் இருப்பதால், புதிய பை வந்தால் இரண்டுக்கு நடுவே செருகினால் போதும்.

அட்டையில் சுற்றி வைப்பதா, கண்டாகவே பையில் போடுவதா என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. அட்டையில் சுற்றிய நூல் சிக்காது, அழகாகவும் இருக்கும். ஆனால் நூல்கண்டின் எண், அதைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையில்தான் அச்சாகியிருக்கிறது. பட்டையை உருவிய நொடியில் அந்த நூல் பெயரை இழந்துவிடுகிறது. இந்தப் பாடத்தை நான் என் சித்தி மகளின் நிச்சயதார்த்த ரவிக்கையில் கற்றேன். மூன்று கருஞ்சிவப்பு அட்டைகள் எண் எழுதாமல் என் பெட்டியில் கிடந்தன. இரவில், மஞ்சள் விளக்கின் கீழே, மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன. இடக்கையை 498இல் முடித்துவிட்டு, வலக்கையின் பாதியை 816இல் போட்டுவிட்டேன். மறுநாள் காலை முன்வாசலில் ரவிக்கையை உதறிப் பிடித்தபோது, ஒரு கை மற்றதைவிடக் குளிர்ந்த சிவப்பாக நின்றது. பிரித்தெடுக்க இரண்டு மாலைகள் ஆயின. துணியில் ஊசித் துளைகள் மறைய ஒரு துவைப்பு ஆயிற்று. அன்றிலிருந்து, பட்டையை உருவுவதற்கு முன்பே பையின் மேலும் அட்டையின் மேலும் பென்சிலால் எண் எழுதுகிறேன். பென்சிலுக்குக் காரணம் உண்டு: நம் ஊரின் புழுக்கத்தில் ஒட்டுவில்லைகளின் பசை கசிந்து அவை உரிந்து விழுகின்றன, விழாதவற்றை ராமபாணப் பூச்சி அரிக்கிறது, மைப்பேனா எழுத்து ஈரத்தில் கலங்குகிறது. பென்சில் எழுத்துக்கு இவை எதுவும் நேர்வதில்லை.

எண் இழந்த நூலைக் கண்டுபிடிக்கும் வழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விளக்கு வெளிச்சத்தில் ஒப்பிடக் கூடாது. ஒரு விளக்கின் கீழே ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும். காலையில், நேரடி வெயில் படாத வாசலில், வெள்ளைக் காகிதத்தின் மேல் எண் தெரிந்த நூலையும் தெரியாத நூலையும் இடைவெளியின்றி ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் ஐயம் இருந்தால், அந்த நூலுக்கு எண் எழுதாமல் ‘எண் தெரியாதவை’ என்ற தனிப் பையில் போட்டுவிட்டு, ஒரே மூச்சில் முடியும் சிறு வேலைகளுக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது. ஊகித்து எழுதிய எண், எழுதாத எண்ணைவிடக் கேடானது.

மூன்றாவது வழி, வேலை வாரியாக அடுக்குவது. ஒரு ரவிக்கைக்கு வேண்டிய நூல், மணி, ஊசி, வரைபடம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைப்பது. வேலை நடக்கும் காலத்தில் இதைவிட வசதியானது வேறில்லை. நிரந்தர முறையாக மட்டும் இது உதவாது. தீபாவளிக்கு முன் நான்கு ரவிக்கைகள் ஒரே நேரத்தில் நடக்கும்போது, நான்கு பைகளிலும் 310 இருக்கும். எந்தப் பையில் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. நான் செய்வது இதுதான்: நூலின் நிரந்தர வீடு எண் வரிசைத் தட்டு. வேலைக்கு எடுக்கும்போது அந்தப் பை இருந்த இடத்தில் ஒரு வெள்ளை அட்டைத் துண்டை நிற்க வைத்து, அதில் எண்ணையும் எந்த வேலைக்குப் போனது என்பதையும் எழுதுகிறேன். நூல் திரும்பி வரும்போது அட்டை எழுந்துவிடும். வேலை முடிந்த அன்றே பையைப் பிரிக்க வேண்டும் என்பது இதிலுள்ள ஒரே கட்டுப்பாடு. அதைத் தள்ளிப்போட்டால் இந்த ஏற்பாட்டுக்குப் பொருளில்லை.

இனி, அக்காவின் கேள்விக்கு வருகிறேன். கண் நிறத்தைத்தான் தேடுகிறது என்றால், எண் வரிசையில் இருக்கும் பெட்டி அந்தக் கண்ணுக்கு என்ன தரும்? நிற வரிசையைப் பெட்டியிலிருந்து எடுத்து ஓர் அட்டைக்கு மாற்றிவிட வேண்டும் என்பதே என் பதில். காலணிப் பெட்டி மூடியின் அளவுள்ள ஒரு தடித்த அட்டையில் காகிதம் துளைக்கும் கருவியால் வரிசையாகத் துளையிட்டு, என்னிடம் உள்ள ஒவ்வொரு நிறத்திலும் ஒரு விரல் நீள நூலை அந்தத் துளையில் முடிச்சிட்டு, பக்கத்தில் எண்ணை எழுதியிருக்கிறேன். அட்டையில் நிறங்கள் குடும்பம் குடும்பமாக நிற்கின்றன. 995, 996 இரண்டும் மயில் நீலத்தின் கருமையும் இளமையும். அவற்றுக்கு இடைப்பட்ட 3843 பெட்டியில் கடைசித் தட்டில் இருந்தாலும், அட்டையில் அவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது. 321, 304, 498 மூன்றும் அட்டையில் படிப்படியாகக் கருக்கின்றன. பெட்டியிலோ 304 முதலில், 321 பின்னே, 498 அடுத்த தட்டில். ஒரு நிறம் இரு குடும்பத்துக்கும் பொருந்தினால், இரு இடத்திலும் ஒரு துண்டு கட்டிவிடலாம். பெட்டியில் செய்ய முடியாதது இது. அக்காவிடம் இந்த அட்டையைக் காட்டியபோது, அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது சரி, ஆனா பெட்டியத் தொறக்குற சந்தோஷம் இதுல இல்லம்மா” என்றார். அந்த இழப்பு உண்மையானதுதான்.

ஆங்கர் நூல்களுக்குத் தனிப் பெட்டி வேண்டும். தமிழகத்துக்குப் போய் வருபவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் கண்டுகள் பெரும்பாலும் ஆங்கர்தான். டிஎம்சி எண்ணுக்கு ஈடான ஆங்கர் எண்ணைக் காட்டும் பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. கறுப்புக்கு 310 என்றால் 403 என்பது போன்ற சில இணைகள் நம்பத்தக்கவை, மற்றவை ‘அருகில் வரும்’ என்ற அளவில்தான். ஒரே இதழின் நடுவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இட்டால் கோடு விழுந்ததைப் போலத் தெரியும். ஆகவே ஈடான எண்ணைப் பையின் மேல் எழுதுவதில்லை. பதிவேட்டில் ஒரு தனிப் பத்தியில் மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

மணிகளைப் பொறுத்தவரை, நூலுக்குச் சொன்ன நிற அட்டைகூட முழுமையாக உதவாது. நூலுக்கு நிறம் ஒன்றுதான். மணிக்கோ அதன் கண்ணாடியின் நிறம், துளைக்குள் பூசிய நிறம், மேல்பூச்சு என மூன்று சேர்ந்து ஒரு தோற்றம் தருகின்றன. உள்ளே வெள்ளி பூசிய மணி, துணியின் நிறம் எதுவாக இருந்தாலும் தன் நிறத்திலேயே ஒளிரும். பூச்சே இல்லாத தெளிந்த மணி, சிவப்புத் துணியில் ஒன்றாகவும் வெள்ளைத் துணியில் வேறாகவும் தெரியும். குப்பியில் பார்த்து ‘இது தேன் நிறம்’ என்று ஓர் அறையில் வைத்தது, தைத்த பிறகு வேறு அறைக்குரியதாகிவிடும். எனவே மணிகளை முதலில் நிறுவனம், அடுத்து அளவு, அதற்கடுத்து எண் என்று மூன்றடுக்காகப் பிரிப்பதுதான் சரிப்படுகிறது. நிறுவனம் முதலில் வருவது, எண்கள் ஒன்றோடொன்று மோதுவதால். மியூகியின் வட்ட மணியில் கறுப்பு 401, டோஹோவில் 49, செக் நாட்டு பிரெசியோசாவில் 23980. அளவு இரண்டாவதாக வருவது, ஒரு வேலையில் நிறத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் ஆனால் அளவை மாற்ற முடியாது என்பதால். 11/0 என்பது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், 8/0 ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். எண் கூடக் கூட மணி சிறுக்கும் என்பது புதியவர்களை முதலில் குழப்பும். ஒரே 11/0 ஆனாலும் இரண்டு நிறுவனங்களின் மணிகள் ஒரே வரிசையில் சமமாக உட்காருவதில்லை.

எண்ணின் பின்னால் வரும் எழுத்தையும் விடக் கூடாது. டோஹோவில் 49 பளபளக்கும் கறுப்பு, 49F பனி படர்ந்ததைப் போன்ற மங்கல் கறுப்பு. குப்பியில் எழுத இடமில்லை என்று F ஐ விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் துணிக்கடைகளிலும் எடைக்கு வாங்கும், எண்ணே இல்லாத மணிகளுக்கு நானே எண் கொடுக்கிறேன்: வீ-001, வீ-002 என்று. ‘வீ’ என்பது வீட்டு எண். ஒவ்வொன்றிலும் ஐந்து மணிகளைக் கம்பளித் துணிப் பட்டையில் தைத்து வைத்திருக்கிறேன். அதே மணி மறுபடி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இவற்றை ஒரு பெரிய வேலையில் தொடங்கக் கூடாது. வேண்டிய அளவைவிடக் கூடுதலாகக் கையில் இருந்தால் மட்டும் தொடங்க வேண்டும்.

பதிவேட்டுக்கு நோட்டுப் புத்தகமா, கைப்பேசியில் விரிதாளா என்பதில் எனக்கு அதிகத் தயக்கம் இல்லை. நோட்டில் இரண்டு எண்களுக்கு நடுவே மூன்றாவதைச் செருக முடியாது. கடையில் நிற்கும்போது நோட்டு வீட்டில் இருக்கும். விரிதாளில் ஒரு பொறி இருக்கிறது. பிரெசியோசாவின் வெள்ளை மணிக்கு எண் 03050. அதை அப்படியே தட்டினால் விரிதாள் அதை ஒரு தொகை என்று எண்ணி, முன்னால் உள்ள சுழியத்தை நீக்கி 3050 ஆக்கிவிடும். டிஎம்சியின் 01 வெறும் 1 ஆகும். ஆங்கரில் 1 என்பது வெள்ளை நூலின் எண். இதைத் தவிர்க்க, எண் எழுதும் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றியதும் இன்னொன்று நடக்கும்: எழுத்தாக வரிசைப்படுத்தும்போது 3011 வந்து 310க்கு முன்னால் நிற்கும். நிறுவனத்தின் சுருக்கத்தை முன்னே போட்டு, எண்ணை நான்கு இலக்கமாக நிரப்பிவிட்டால் இரண்டு குறையும் ஒருசேரத் தீரும்.

```
ANC-0310
DMC-0001
DMC-0310
DMC-3843
MDB11-0310
MR11-0003
```

தொடக்கத்தில் சொன்ன மூன்று 310களும் இங்கே ஒன்றையொன்று தொடுவதே இல்லை. MR11 என்பது மியூகி வட்ட மணி 11/0. MDB11 என்பது அதே நிறுவனத்தின் டெலிகா. பிரெசியோசாவுக்கு மட்டும் ஐந்து இலக்கம். கடையில் ஒரு கண்டைக் கையில் எடுத்ததும் இந்தக் குறியீட்டைத் தேடல் பெட்டியில் தட்டினால், வீட்டில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, எவ்வளவு என்றும் தெரிய வேண்டும். இதற்கு நூலில் எளிய கணக்கு ஒன்று உண்டு. டிஎம்சியின் ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழைகள் கொண்டது. நான் எப்போதும் 50 சென்டிமீட்டராகவே வெட்டுகிறேன். ஆகவே ஒரு கண்டில் 16 வெட்டுகள். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் பையின் மேல் ஒரு பென்சில் கோடு போடுகிறேன். இரண்டு இழையால் தைத்தால் ஒரு வெட்டு மூன்று ஊசிக்கு வரும். முழுக் கண்டு 48 ஊசிக்கு வரும். மணியை எண்ணுவதற்குத் தராசு வேண்டும். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. பத்தில் ஒரு கிராமைக் காட்டும் சிறிய தராசு தேவை. மியூகியின் 11/0 வட்ட மணி ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 110 இருக்கும். பூச்சுக்கு ஏற்ப இது கொஞ்சம் மாறும் என்பதால், புதிய எண் ஒன்றை வாங்கியதும் 200 மணிகளை எண்ணி நிறுத்து, என் கணக்கைக் குப்பியில் எழுதிக்கொள்கிறேன். காலிக் குப்பியின் எடையும் அங்கேயே இருக்க வேண்டும்.

சென்ற மாதம் வந்த ஒரு வேலையில் இந்தக் கணக்கு எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அரக்குச் சிவப்பு ரவிக்கை. ஒரு கைக்கு நான்கு மயில், இரு கைக்கும் எட்டு. கையின் விளிம்பில் பொன்நிற மணி வரிசை. நிற அட்டையைத் துணியின் மேல் வைத்து, 995, 3843, 996 என்ற மூன்று நீலங்களைத் தேர்ந்தேன். கழிவுத் துணியில் ஒரே ஒரு மயிலைத் தைத்துப் பார்த்ததில், உடலுக்கு 995இல் ஐந்து ஊசி, தோகைக்கு 3843இல் இரண்டு, 996இல் மூன்று ஆயின. எட்டு மயிலுக்கு முறையே 40, 16, 24 ஊசி.

995இன் பையில் நான்கு கோடுகள் இருந்தன. மிச்சம் 12 வெட்டு, அதாவது 36 ஊசி. நான்கு ஊசி குறைகிறது. 996இன் பையில் ஏழு கோடுகள். மிச்சம் 9 வெட்டு, 27 ஊசி. போதும், ஆனால் மூன்று ஊசிதான் கூடுதல். 3843 இருக்க வேண்டிய இடத்தில் முந்தைய வேலைக்குப் போன வெள்ளை அட்டை நின்றது. அந்த வேலை முடிந்து, கண்டும் தீர்ந்திருந்தது. பெட்டி நிற வரிசையில் இருந்திருந்தால், 995 பை தடிமனாக இருப்பதைப் பார்த்து அது போதும் என்றே தொடங்கியிருப்பேன். எட்டாவது மயிலின் வயிற்றில் நூல் நின்றிருக்கும்.

மணி, மியூகி 11/0, எண் 3, உள்ளே வெள்ளி பூசிய பொன்நிறம். ஒரு சாண் நீளத்துக்குத் தைத்து எண்ணிப் பார்த்து, ஒரு கைக்கு 640 என்று கணக்கிட்டேன், இரண்டுக்கும் 1280. உடைவதற்கும் துளை அடைந்து ஊசி நுழையாமல் ஒதுக்குவதற்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 1408. ஒரு கிராமுக்கு 110 என்றால் ஏறக்குறைய 12.8 கிராம் வேண்டும். குப்பியோடு நிறுத்ததில் 21.4 கிராம், காலிக் குப்பி 9.1 கிராம், மணி 12.3 கிராம். தைக்கப் போதும், ஆனால் ஒதுக்குவதற்கான பங்கு முழுமையாக இல்லை. இந்த அரைக் கிராமைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை என்று தோன்றலாம். வேறு எண்ணாக இருந்தால் நானும் எண்ணியிருக்கமாட்டேன். வெள்ளி உட்பூச்சு உள்ள மணி காலத்தாலும் ஈரத்தாலும் கறுக்கும். ஈராண்டாக என்னிடம் இருந்த குப்பியும் புதிதாக வரும் குப்பியும் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தாலும் ஒரே ஒளியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பழையதை முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்கினால், மாற்றம் எந்த இடத்தில் நேர்ந்தது என்று விளிம்பிலேயே தெரியும்.

ஆகவே ஈப்போவுக்குப் போய் 995 ஒன்று, 3843 ஒன்று, மணி ஒரு குப்பி வாங்கி வந்தேன். பழைய 995ஐயும் புதிய 995ஐயும் காலை வெளிச்சத்தில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒரே எண்ணானாலும் சாயத் தொகுதி மாறினால் மெல்லிய வேறுபாடு வரலாம். வேறுபாடு கண்ணுக்குப் படவில்லை. இருந்தாலும் இடக்கையின் நான்கு மயிலையும் வலக்கையின் மூன்றையும் பழைய கண்டிலும், எட்டாவதைப் புதியதிலும் தைப்பதற்குப் பதிலாக, உட்கையில், உடம்போடு ஒட்டி மறையும் இரண்டு மயில்களுக்குப் புதிய கண்டைப் பயன்படுத்தினேன். மணிகளை மட்டும் பழையதும் புதியதுமாக ஒரே தட்டில் கொட்டிக் கலந்துகொண்டேன். கலந்த பிறகு எது எந்தக் குப்பியிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

இந்த ஏற்பாட்டில் இன்னும் எனக்குத் தீராத ஒன்று, சாயம் விடும் நூல்கள். கருஞ்சிவப்புகள் சில முதல் துவைப்பில் நிறம் கசியும். அதை எண் சொல்லாது. ஈரப்படுத்திய வெள்ளைப் பஞ்சை நூலின் மேல் அழுத்திப் பார்த்து, பஞ்சில் நிறம் ஏறினால் பதிவேட்டின் கடைசிப் பத்தியில் ‘சாயம்’ என்று எழுதி வருகிறேன். 142இல் இதுவரை சிவப்புகளைத்தான் பார்த்து முடித்திருக்கிறேன். கருநீலங்களை அடுத்த மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.